ஃப்ரீ சாஃப்ட்வேர் உண்மையிலேயே ஃப்ரீயா? ஹார்ட் டிஸ்க் படுத்தா முதல்ல எங்க போறது?

நம்ம ஹாஸ்டல்ல யாரோட ஹார்ட் டிஸ்க் படுத்தாலும் வைத்தியம் ஒண்ணுதான். முதல்ல யூடியூப் பார்த்து ஒரு ஃப்ரீ ரெக்கவரி சாஃப்ட்வேர். ராத்திரி முழுக்க ஸ்கேன். காலைல ஒண்ணும் வரலைன்னா அடுத்த பிளாக் அண்ணா சொன்ன இன்னொரு சாஃப்ட்வேர். அதுவும் கைவிட்டா காந்திபுரத்துல தெரிஞ்ச கம்ப்யூட்டர் கடை. அங்கயும் ஆகலைன்னா, கடைசி கடைசியா லேப். "காசு செலவில்லாததை முதல்ல முயற்சி பண்ணுவோம், இல்லாட்டி காசு கொடுப்போம்"ங்கற இந்த வரிசை கேக்கறதுக்கு நியாயமாத்தான் இருக்கு.

என் கருத்து என்னன்னா, ஒரு வகை டிஸ்க்குக்கு இந்த வரிசை சரி. இன்னொரு வகைக்கு இதைவிட மோசமான வரிசை கிடையாது. ஏன்னா அங்க ஃப்ரீ சாஃப்ட்வேர் காசு கேக்காது, ஆனா டிஸ்க்கோட மிச்ச ஆயுசை எடுத்துக்கும். லேப்புக்குப் போய்ச் சேரும்போது அவங்களுக்கு மிச்சம் வைக்கறது ஒண்ணுமே இருக்காது. அதனால "ஃப்ரீயா, லேப்பா?"ன்னு கேக்கறதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய கேள்வி வேற.

தொலைஞ்சது டேட்டாவா, முகவரியா?

டேட்டா "போச்சு"ன்னு நாம சொல்றது மூணு வேற வேற விஷயம்.

முதலாவது, டிஸ்க் நல்லா இருக்கு, முகவரி மட்டும் போச்சு. என்.டி.எஃப்.எஸ். டிஸ்க்குல ஒரு ஃபைலை அழிச்சா, அந்த ஃபைலோட பதிவு மேல "இது காலி"ன்னு ஒரு குறி விழுது, அவ்வளவுதான். உள்ள இருக்கற டேட்டா, அதே இடத்துல வேற ஏதாவது எழுதப்படற வரைக்கும் அப்படியே கிடக்கும். பென் டிரைவ், கேமரா கார்டைத் தெரியாம குயிக் ஃபார்மேட் பண்ணினாலும் பெரும்பாலும் இதே கதைதான். இங்க ஃப்ரீ சாஃப்ட்வேர் போதும், லேப்புக்குப் போக வேண்டியதே இல்ல. அங்க உக்காந்து இருக்கறவரும் இதே மாதிரி ஸ்கேன்தான் ஓட்டுவார். டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் ரெண்டும் கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதின ஓப்பன் சோர்ஸ் கருவிகள். "லிஸ்ட் காட்டறேன், எடுக்கணும்னா பணம் கட்டு"ங்கற வேலையெல்லாம் அதுல இல்ல. ஒரே நிபந்தனை: சாஃப்ட்வேரை அந்த டிஸ்க்குலயே இன்ஸ்டால் பண்ணாதீங்க, மீட்டதை அதே டிஸ்க்குல சேமிக்காதீங்க. தேடற ஃபைல் மேலயே எழுதிடுவீங்க.

ரெண்டாவது, உள்ளயே ஒண்ணும் இல்ல. உங்க லேப்டாப்ல எஸ்.எஸ்.டி. இருந்து, ட்ரிம் ஆன்ல இருந்தா (விண்டோஸ் 7-ல இருந்தே இந்த வசதி இருக்கு), ஃபைலை அழிச்ச உடனே "இந்த இடம் இனி வேண்டாம்"னு விண்டோஸ் எஸ்.எஸ்.டி.க்குச் சொல்லிடும். எஸ்.எஸ்.டி. தன் வசதிக்கு அதைத் துடைச்சு வெச்சுக்கும். ட்ரிம் ஆன்ல இருக்கான்னு இப்படிப் பார்க்கலாம்:

```
fsutil behavior query DisableDeleteNotify
```

பதில் 0 வந்தா ட்ரிம் ஆன்ல இருக்கு. ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணியிருந்தா, ஃப்ரீ சாஃப்ட்வேரும் சரி, லேப்பும் சரி, பெரும்பாலும் கைவிரிச்சுடும். இங்க காசு செலவு பண்றது வீண்.

மூணாவது, டிஸ்க்கே நோயாளி. கீழ விழுந்தது, டிக் டிக்னு சத்தம் வருது, ஒரு ஃபோல்டர் திறக்க அஞ்சு நிமிஷம் ஆகுது, பாதி காப்பில ஹேங் ஆகுது. நம்ம வழக்கமான வரிசை விபரீதம் ஆகறது இங்கதான். மீதிக் கட்டுரை இந்த மூணாவதைப் பத்தி.

ஸ்கேன் ஏன் டிஸ்க்கைக் கொல்லுது?

சுத்தற டிஸ்க்குல ரீட் ஹெட் தட்டுக்கு மேல சில நானோமீட்டர் உயரத்துல பறக்குது. ஒரு தலைமுடி அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு தடிமன். டிஸ்க் ஓடும்போது கீழ விழுந்தா ஹெட் தட்டைத் தொடும், தொட்ட இடத்துல பூச்சு பெயரும். பெயர்ந்த தூசி உள்ளயே சுத்தும், அடுத்த இடத்துல ஹெட் அதுல இடிக்கும். ஒவ்வொரு நிமிஷ ஓட்டமும் காயத்தைப் பெருசாக்கும்.

இப்ப ரெக்கவரி சாஃப்ட்வேர் என்ன பண்ணுதுன்னு யோசிங்க. நல்ல டிஸ்க்னு நம்பி எழுதப்பட்டது அது. முதல் செக்டார்ல இருந்து கடைசி வரைக்கும் படிக்கும். நல்ல 1 டிபி டிஸ்க் விநாடிக்கு 100 எம்பி படிச்சா மூணு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிடும். கெட்டுப்போன ஒரு செக்டார்ல டிஸ்க் பத்து விநாடி முட்டி மோதுதுன்னு வெச்சுக்குங்க. அப்படி 5,000 செக்டார் இருந்தா, அதுக்கு மட்டும் 50,000 விநாடி, கிட்டத்தட்ட 14 மணி நேரம். அந்த 14 மணி நேரமும் ஹெட் காயத்து மேலயே உரசிட்டு இருக்கு. நல்லா இருக்கற மீதி 99 சதவீதத்தைப் படிக்கறதுக்கு முன்னாடியே ஹெட் செத்துடலாம். "ராத்திரி ஸ்கேன் போட்டேன், காலைல டிஸ்க்கே காட்டலை"ன்னு சொல்றவங்க கதை பெரும்பாலும் இதுதான். வரலைன்னு இன்னொரு சாஃப்ட்வேர் போட்டா, அதே காயத்து மேல இன்னொரு முறை.

இதுக்கு நேர் எதிரான ஒரு உண்மைக் கதை இருக்கு. 2003 பிப்ரவரி 1-ஆம் தேதி கொலம்பியா விண்கலம் பூமிக்குத் திரும்பும்போது சிதறினதும், கல்பனா சாவ்லா உள்பட ஏழு பேர் இறந்ததும் எல்லாருக்கும் தெரியும். அதுல ஸீனான் வாயுவை வெச்சு நடந்த ஒரு சோதனையோட டேட்டா ஒரு சின்ன சீகேட் டிஸ்க்குல இருந்தது. சிதைவுகளோட டெக்சாஸ்ல கிடைச்ச அந்த டிஸ்க் கருகின உலோகக் கட்டி மாதிரி இருந்தது. அமெரிக்காவுல கிரால் ஆன்ட்ராக் லேப் அதைத் திறந்து, தட்டுகளைச் சுத்தம் பண்ணி, வேற டிரைவ்ல மாத்திப் பொருத்தி, கிட்டத்தட்ட 99 சதவீத டேட்டாவை எடுத்தது. அந்த ஆய்வுக் கட்டுரை 2008-ல வெளியாச்சு.

வானத்துல இருந்து விழுந்தது தப்பிச்சது, ஹாஸ்டல் கட்டில்ல இருந்து விழுந்தது ஏன் தப்பிக்கலை? காரணங்கள் ரொம்பச் சாதாரணம். விழும்போது அந்த டிஸ்க் சுத்தலை, அதனால டேட்டா இருந்த பகுதில தட்டு கீறல் படலை. பழைய டாஸ் சிஸ்டம்ங்கறதால டேட்டா டிஸ்க் முழுக்கச் சிதறாம ஒரு பக்கமா இருந்தது. என் கணக்குல இன்னொரு காரணமும் உண்டு: லேப்புக்கு வர்ற வரைக்கும் யாரும் அதுக்குக் கரன்ட் கொடுத்து "வருதான்னு பார்ப்போம்"னு பார்க்கலை. அதே விண்கலத்துல இருந்து வந்த வேற ரெண்டு டிரைவ்ல ஒண்ணும் எடுக்க முடியலை, அதையும் சொல்லிடணும். லேப்ல மந்திரம் ஒண்ணும் கிடையாது. தட்டுல மிச்சம் இருக்கறதைத்தான் எடுக்க முடியும்.

ஒரு கேஸ்: பாதி உயிரோட ஒரு டிஸ்க்

கற்பனையா ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். பல்லடம் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லுல ரிங் ஃப்ரேம் அதிர்வை அளந்து ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பண்ற ஒரு மாணவி. நாலு மாச ரீடிங், 6 ஜிபி சி.எஸ்.வி. ஃபைல். அதே 1 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க்குல 40 ஜிபி குடும்பப் போட்டோ. டிஸ்க் மேசைல இருந்து விழுந்துச்சு. சத்தம் ஒண்ணும் இல்ல, கம்ப்யூட்டர்ல காட்டுது, ஆனா ஃபோல்டர் திறக்கவே மாட்டேங்குது. மூணு வாரத்துல வைவா.

முதல் வேலை, கேபிளை மாத்திப் பார்க்கறது. சில "செத்த" டிஸ்க்குக்கு நோய் கேபிள்லதான். அதுவும் இல்லைன்னா, லினக்ஸ் லைவ் பென் டிரைவ்ல பூட் பண்ணி டிஸ்க்கோட ஸ்மார்ட் ரிப்போர்ட்டைப் பார்க்கணும். விண்டோஸ் வேண்டாம், அது தானாவே உள்ள போய்ப் படிக்க ஆரம்பிக்கும்.

```
lsblk -o NAME,SIZE,MODEL
sudo smartctl -a -d sat /dev/sdb
```

பார்க்க வேண்டியது ரெண்டு வரி: `Reallocated_Sector_Ct`, `Current_Pending_Sector`. ரெண்டாவதுல RAW_VALUE 0 இல்லாம 312-ன்னு இருந்தா, 312 செக்டாரைப் படிக்க முடியாம டிஸ்க் தவிக்குதுன்னு அர்த்தம். டிஸ்க் நோயாளிதான். ஸ்கேன் சாஃப்ட்வேருக்கு இனி இங்க இடமில்ல.

அதுக்காக ஃப்ரீ வழி மூடிடுச்சுன்னு இல்ல. ஜி.என்.யு. டிடிரெஸ்க்யூ இதுக்குன்னே எழுதினது. அது ஃபைலைத் தேடாது. டிஸ்க்கை அப்படியே இன்னொரு டிஸ்க்குக்கு இமேஜா நகல் எடுக்கும். முதல் சுத்துல சுலபமா வர்றதை எல்லாம் வாரிக்கும், அடி வாங்கின இடத்தைத் தாண்டிப் போயிடும், எங்க எங்க தாண்டுச்சுன்னு ஒரு மேப் ஃபைல்ல குறிச்சு வெச்சுக்கும். அடுத்த சுத்துலதான் விட்டுப்போனதுக்குத் திரும்பும். நடுவுல நிறுத்தினாலும் விட்ட இடத்துல இருந்து தொடரும்.

```
sudo ddrescue -d -n /dev/sdb /mnt/big/disk.img /mnt/big/disk.map
sudo ddrescue -d -r3 /dev/sdb /mnt/big/disk.img /mnt/big/disk.map
```

முதல்ல வர்றது நோயாளி டிஸ்க், ரெண்டாவது போய்ச் சேர்ற இடம். `/dev/sdb`ங்கறது உங்க கம்ப்யூட்டர்ல வேற பேரா இருக்கலாம், `lsblk` பார்த்து ரெண்டு தடவை சரிபாருங்க. இமேஜ் முழு 1 டிபி வரும், அதனால கடன் வாங்கியாவது 2 டிபி டிஸ்க் வேணும். அது எஃப்.ஏ.டி. 32-ல இருக்கக் கூடாது, 4 ஜிபிக்கு மேல ஒரு ஃபைலை அது ஏத்துக்காது. ஓடும்போது `pct rescued` ஏறிட்டே போனா விட்டுடுங்க. டிக் சத்தம் ஆரம்பிச்சாலோ, டிஸ்க் `lsblk`-ல இருந்து மறைஞ்சாலோ, `read errors` மட்டும் ஏறி `pct rescued` நின்னுட்டாலோ, உடனே கரன்ட்டைப் பிடுங்குங்க. அதுக்கப்புறம் லேப் மட்டும்தான்.

இமேஜ் கைக்கு வந்த பிறகு டெஸ்ட்டிஸ்க்கோ ஃபோட்டோரெக்கோ, எத்தனை தடவை வேணும்னாலும் அது மேல ஓட்டலாம், டிஸ்க்குக்கு வலிக்காது. ஒரு விஷயம் மட்டும் கவனிங்க. ஃபோட்டோரெக் ஃபைலோட ஆரம்ப அடையாளத்தைப் பார்த்துதான் தேடும். ஜேபெக் போட்டோ FF D8 FF-னு ஆரம்பிக்கும், கண்டுபிடிச்சுடும். சி.எஸ்.வி.க்கு அப்படி ஒரு முத்திரை கிடையாது, பேரில்லாத துண்டு டெக்ஸ்ட்டாத்தான் வரும். அதனால இந்த மாணவிக்குப் போட்டோ கிடைக்கறது சுலபம், ப்ராஜெக்ட் கிடைக்கறது கஷ்டம். முதல்ல பழைய ஃபோல்டர் அமைப்பையே டெஸ்ட்டிஸ்க்ல மீட்கப் பார்க்கணும்.

இப்ப கணக்கு போடுவோம்

வீட்டுலயா, லேப்பான்னு முடிவு பண்ண டேட்டாவோட மதிப்பு தெரியணும். "விலைமதிப்பில்லாதது"ன்னு சொன்னா கணக்கு ஓடாது. மதிப்புன்னா, வேற எங்கயும் இல்லாததைத் திரும்ப உருவாக்க ஆகற செலவு. அதனால முதல்ல தேடுங்க. கைடுக்கு மெயில் பண்ணின முதல் ரெண்டு மாச ரீடிங் அங்க இருக்கும். மில்லுல மெயின்டனன்ஸ் அண்ணாகிட்ட ஒரு காப்பி இருக்கலாம். கல்யாணப் போட்டோ ஸ்டூடியோக்காரர்கிட்டயும், பாதி பெரியம்மா, சித்தி போன்லயும் இருக்கும். ஒரு சாயங்காலம் போன் பண்ணினா மதிப்பு பாதியாக் குறையும். லேப் பில்லைவிட இதுதான் மலிவான ரெக்கவரி.

மிச்சத்துக்கு ஒரு தொகை வெச்சு அதை ம-ன்னு சொல்லுவோம். கீழ வர்ற எண்கள் கணக்குக்காக நான் எடுத்தது, உங்க டிஸ்க்குக்கு மாறும். லேப் செலவு 25,000 ரூபாய், மீள வாய்ப்பு 80 சதவீதம். வீட்டுல டிடிரெஸ்க்யூல வாய்ப்பு 50 சதவீதம். வீட்டுல தோத்துட்டு லேப்புக்குப் போனா வாய்ப்பு 40 சதவீதமாச் சரியும்.

நேரா லேப்புக்குப் போனா எதிர்பார்க்கற பலன் 0.8ம − 25,000. வீட்டுல முயன்று, தோத்தா லேப்புன்னா, 0.5ம + 0.5 × (0.4ம − 25,000), அதாவது 0.7ம − 12,500. ரெண்டும் சமமாகற இடம் ம = 1,25,000. அதுக்குக் கீழ மதிப்புன்னா வீட்டுல டிடிரெஸ்க்யூ பண்றது புத்திசாலித்தனம். மேலன்னா, ஒரு தடவைகூட கரன்ட் கொடுக்காம லேப்புக்கு எடுத்துட்டுப் போறதுதான் சரி.

இப்ப அதே டிஸ்க் டிக் டிக்னு அடிக்குதுன்னு வெச்சுக்குவோம். வீட்டுல வாய்ப்பு 50-ல இருந்து 5-க்கு விழும். வீட்டுல முயற்சி பண்றவரோட பலன் 0.43ம − 23,750. மதிப்பு 3,400 ரூபாய்க்கு மேல போனாலே நேரா லேப்புங்கறது ஜெயிக்குது. ஆனா 0.8ம 25,000-ஐத் தாண்டணும், அதாவது டேட்டா 31,250 ரூபாய்க்கு மேல பெறணும், அப்பத்தான் லேப்பே லாபம். அதுக்குக் கீழன்னா டிஸ்க்கை அப்படியே டிராயர்ல வெச்சிடுங்க. காசு சேர்ந்த பிறகு எடுத்துட்டுப் போகலாம். டிராயர்ல கிடக்கற டிஸ்க், ஓடிட்டு இருக்கற டிஸ்க் மாதிரி தேயாது.

டேட்டா மாறலை, விலை மாறலை, ஒரு சத்தம் மட்டும் மாறுச்சு. முடிவு தலைகீழாப் போச்சு. நான் சொல்ல வந்ததே இதுதான்: முடிவு பண்றது காசு இல்ல, நோய். காசு அதுக்கப்புறம்தான்.

லேப்புன்னு போர்டு மாட்டினதெல்லாம் லேப் இல்லீங்க

இதுல எதிர்வாதம் ஒண்ணு இருக்கு, அது நியாயமானதுதான். "லேப்புன்னு போனா காசைப் புடுங்கிட்டு ஒண்ணுமே பண்ண மாட்டாங்க." நம்ம ஊர்ல "டேட்டா ரெக்கவரி"ன்னு எழுதின கடைகள்ல மூணு வகை உண்டு. நீங்க ஓட்ட வேண்டாம்னு நான் சொன்ன அதே ஸ்கேன் சாஃப்ட்வேரை ஓட்டற கடை ஒண்ணு. டிஸ்க்கை வாங்கி சென்னைக்கோ பெங்களூருக்கோ கூரியர் பண்ற கடை இன்னொண்ணு. உண்மையான லேப் மூணாவது. அங்க தூசி வடிகட்டின அறை இருக்கும், பிசி-3000 மாதிரி ஹார்டுவேர் கருவி இருக்கும். அந்தக் கருவி டிஸ்க்கோட உள் புரோகிராமோட பேசும், செத்த ஹெட்டை விட்டுட்டு நல்ல ஹெட்டால மட்டும் படிக்கும். ஹெட் மாத்தணும்னா அதே மாடல் டோனர் டிஸ்க் தேடிப் பிடிக்கணும். விலை ஏற இதுவும் ஒரு காரணம்.

எது எதுன்னு தெரிய நாலு கேள்வி போதும். டிஸ்க்கை இங்கயே திறப்பீங்களா, வெளிய அனுப்புவீங்களா? பார்த்துச் சொல்ல எவ்வளவு, டேட்டா வரலைன்னா எவ்வளவு? டோனர் டிஸ்க் விலை பில்லுல சேருமா? முழுப் பணம் கட்டறதுக்கு முன்னாடி மீண்ட ஃபைல் லிஸ்ட்டைக் காட்டுவீங்களா? இதுக்கெல்லாம் எழுத்துல பதில் கொடுக்காம "விட்டுட்டுப் போங்க தம்பி, பார்த்துக்கலாம்"னு சொன்னா டிஸ்க்கைக் கையோட எடுத்துட்டு வந்துடுங்க. உங்க முன்னாடியே சாதாரண மேசைல, ஃபேனுக்குக் கீழ, டிஸ்க் மூடியைக் கழட்டப் போனாலும் அதேதான். போர்டை மாத்தினாச் சரியாகும்னு சொல்றவர்கிட்டயும் ஜாக்கிரதை. இப்ப வர்ற டிஸ்க்குகள்ல அந்தந்த டிஸ்க்குக்குன்னு அளந்து எழுதின விவரம் போர்டுல இருக்கற ராம் இல்லாத ஒரு சின்ன சிப்ல இருக்கு. அதையும் மாத்தாம வெறும் போர்டை மாத்தினா வேலைக்காகாது. எக்ஸ்டர்னல் டிஸ்க் சிலதுல யு.எஸ்.பி. போர்டுலயே என்க்ரிப்ஷன் இருக்கு, அதையும் தூக்கிப் போட்டுடாம பத்திரமா வெச்சிருக்கணும்.

வாரன்டி இருக்கேன்னு கேப்பீங்க. வாரன்டில வர்றது புது டிஸ்க், பழைய டேட்டா இல்ல. ஃப்ரீசர்ல வைக்கற டெக்னிக்? வெளிய எடுத்ததும் தட்டு மேல ஈரம் படியும். ஹெட்டும் ஈரமும் சேர்ந்தா என்ன ஆகும்னு நானோமீட்டர் கணக்கைப் பார்த்து நீங்களே சொல்லுங்க.

அதனால ரூம்மேட் டிஸ்க்கைத் தூக்கிட்டு "மச்சி, நல்ல ஃப்ரீ சாஃப்ட்வேர் இருந்தா சொல்லு"ன்னு வந்தா, லிங்க் அனுப்பறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. கீழ விழுந்துச்சா? சத்தம் வருதா? எஸ்.எஸ்.டி.யா, சுத்தற டிஸ்க்கா? விழுந்துச்சுன்னோ சத்தம் வருதுன்னோ சொன்னா, அவர் முதல்ல பண்ண வேண்டியது இன்ஸ்டால் இல்ல. யு.எஸ்.பி. கேபிளைப் பிடுங்கறது.